பண்ருட்டிக்கு வண்டி உண்டா, இல்லையா?

விழுப்புரம் – மயிலாடுதுறை ரயில் தடத்தில் தண்டவாள வேலை, பால வேலை என்று ஏதாவது வந்தால் சில நாட்களுக்கு முன்பு ரயில்வேயிடமிருந்து ஒரு செய்திக்குறிப்பு வரும். எந்த வண்டி ரத்து, எந்த வண்டி பாதியில் நிற்கும், எது தாமதம் என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலும் அது எங்கள் கைக்கு ஆங்கிலத்தில்தான் வந்து சேர்கிறது. நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறவள். எங்கள் சீசன் டிக்கெட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்காக இந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுதும் வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் டீக்கடையிலும் கடைக்காரர் சம்மதத்தோடு ஒட்டுவோம். வேறு ஊர்களில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு உதவலாம் என்பதால், நான் எப்படி எழுதுகிறேன் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ரயில்வேயின் குறிப்பு வண்டி வாரியாக எழுதப்படுகிறது. வண்டியை ஓட்டுகிறவர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் அதுதான் வசதி. ஆனால் பயணிக்கு வண்டி இரண்டாவதுதான். அவருக்கு ஊர் ஒன்று, கிழமை ஒன்று, போக வேண்டிய வேளை ஒன்று. பரங்கிப்பேட்டையிலிருந்து கருவாட்டுக் கூடையோடு பண்ருட்டி வரை வரும் ஒரு அம்மா டீக்கடைத் தாளைக் காட்டி என்னிடம் கேட்டார்: "ஏம்மா, பகுதி ரத்துன்னு போட்டிருக்கு. பண்ருட்டிக்கு வண்டி உண்டா, இல்லையா? அத மட்டும் சொல்லு." அது வேறு யாரோ ஒட்டியிருந்த தாள். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. பிழை என்று எதையும் காட்ட முடியாது. அந்த அம்மாவின் கேள்விக்குத்தான் அதில் பதில் இல்லை.

உதாரணத்துக்கு வருகிறேன். நேரங்களையும் தேதிகளையும் இங்கே மாதிரிக்காக வைத்திருக்கிறேன், அதனால் யாரும் இதைப் பார்த்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். குறிப்பின் அமைப்பு மட்டும் உண்மையில் வருவது போலவே இருக்கும். விழுப்புரத்துக்கும் கடலூர் துறைமுகம் சந்திப்புக்கும் இடையே 4, 6, 8 ஆகிய தேதிகளில் காலை 7.30 முதல் 10.30 வரை லைன் பிளாக், அதாவது அந்த நேரத்தில் அந்தத் தடத்தில் வண்டி ஓடாது. இதனால் மூன்று மாற்றங்கள். மயிலாடுதுறையில் காலை 6 மணிக்குக் கிளம்பும் விழுப்புரம் பாசஞ்சர், கடலூர் துறைமுகம் – விழுப்புரம் இடையே 'பார்ஷியலி கேன்சல்ட்'. விழுப்புரத்தில் 9.15க்குக் கிளம்பும் மயிலாடுதுறை பாசஞ்சர், விழுப்புரம் – கடலூர் துறைமுகம் இடையே அதேபோல. சென்னையிலிருந்து வரும் ஒரு பகல் நேர எக்ஸ்பிரஸ், வழியில் 40 நிமிடம் 'ரெகுலேட்டட்'. குறிப்பு இவ்வளவுதான். ஆங்கிலத்தில் பத்து வரிகூட வராது.

இதை நான் உடனே தமிழில் எழுதத் தொடங்குவதில்லை. முதலில் ஒரு தாளில் மயிலாடுதுறையிலிருந்து விழுப்புரம் வரை ஸ்டேஷன்களை மேலிருந்து கீழாக எழுதிக்கொள்வேன். சிதம்பரத்திலிருந்து தொடங்கினால் இப்படி: சிதம்பரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூர் துறைமுகம், திருப்பாதிரிப்புலியூர், வரகால்பட்டு, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி, திருத்துறையூர், சேர்ந்தனூர், விழுப்புரம். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு இழுத்து, அது எந்த ஸ்டேஷனோடு நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். கோடு இல்லாத ஊர்கள் எவை என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கடலூர் துறைமுகத்துக்கும் விழுப்புரத்துக்கும் 'இடையே' என்று குறிப்பில் ஒரே சொல்லாக இருப்பது, தாளில் ஏழு ஊர்களாக விரியும். அந்த ஏழையும் தமிழில் பேர் பேராக எழுத வேண்டும். வரகால்பட்டில் ஏறுகிறவர் தன் ஊர்ப் பேரைத்தான் தேடுவார். அது இல்லையென்றால், மாற்றம் தனக்கில்லை என்று எடுத்துக்கொள்வார்.

எல்லையில் இருக்கும் ஸ்டேஷனைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடலூர் துறைமுகம் – விழுப்புரம் இடையே ரத்து என்றால் துறைமுகத்துக்கு வண்டி வருமா, வராதா? வரும்; அதற்கு மேல் போகாது. அங்கே இறங்குகிறவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அங்கே ஏறுகிறவருக்கு வண்டி இல்லை. ஒரே ஸ்டேஷன், இரண்டு பதில். 'பகுதி ரத்து' என்ற தலைப்புச் சொல்லை நான் பயன்படுத்துவதே கிடையாது. அதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வண்டியே இல்லை என்று பஸ்ஸுக்குப் போகிறார்கள். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வருகிறவர் அப்படிப் போனால் அவருக்கு வீண் செலவு, ஏனென்றால் அவருடைய வண்டி ஓடுகிறது. "மயிலாடுதுறையிலிருந்து கடலூர் துறைமுகம் வரை ஓடும். அதற்கு மேல் ஓடாது" என்று இரண்டு வாக்கியமாக எழுதினால் குழப்பம் தீர்ந்தது. ஓடும் என்பதை முதலில் சொல்வேன், ஓடாது என்பதை அடுத்ததாக.

இங்கே கடலூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊரில் இரண்டு ஸ்டேஷன். பழைய டவுனில் இருப்பது துறைமுகம் சந்திப்பு. விருத்தாசலம் போகும் பாதை பிரிவது அங்கேதான். புது டவுனில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். பஸ் ஸ்டாண்டு அதை ஒட்டியே இருக்கிறது. ஊரில் பேசும்போது ஓ.டி. ஸ்டேஷன், என்.டி. ஸ்டேஷன் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் வெறுமனே கடலூர் என்பார்கள், அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஸ்டேஷன். "வண்டி கடலூரோடு நிறுத்தப்படும்" என்று எழுதினால், சிதம்பரத்தில் ஏறுகிற ஒருவர், இறங்கியதும் எதிரிலேயே விழுப்புரம் பஸ் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவார். துறைமுகத்தில் இறக்கிவிட்டால் பஸ் ஸ்டாண்டு வர டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ ஏற வேண்டும். அந்த நேரம் அவர் கணக்கில் இருக்காது. அதனால் எப்போதும் முழுப் பெயரோடு ஊர் வழக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்: கடலூர் துறைமுகம் (ஓ.டி.), திருப்பாதிரிப்புலியூர் (என்.டி.). சில குறிப்புகளில் ஸ்டேஷன் பெயருக்குப் பதில் குறியீடு மட்டும் இருக்கும். துறைமுகத்துக்கு CUPJ, திருப்பாதிரிப்புலியூருக்கு TDPR. விழுப்புரம் VM, விருத்தாசலம் VRI. கடைசி இரண்டையும் அவசரத்தில் மாற்றிப் படித்துவிட்டால், ஒரு தடத்தின் வேலை இன்னொரு தடத்துக்குப் போய்விடும். மயிலாடுதுறைக்கு இன்றும் MV தான், மாயவரம் என்ற பழைய பேரின் மிச்சம்.

அடுத்தது திரும்பும் வண்டி. காலையில் துறைமுகத்தோடு நிற்கிற அதே பெட்டித்தொடர்தான் திரும்பி மயிலாடுதுறைக்குப் போகும். அதனால் 9.15க்கு விழுப்புரத்தில் கிளம்ப வேண்டிய வண்டி அன்று துறைமுகத்தில்தான் தொடங்கும். குறிப்பில் இதைச் சிலசமயம் வேறு வரியில், வேறு எண்ணோடு சொல்லியிருப்பார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பது படிக்கிறவருக்குத் தெரியாது. துறைமுகத்தில் அது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதும் முக்கியம். பாதி வழியில் தொடங்கும் வண்டி, பொதுவாக அந்த ஸ்டேஷனுக்குரிய வழக்கமான நேரத்தில்தான் கிளம்பும். எங்கள் மாதிரியில் அது 10.25. குறிப்பில் வேறு நேரம் கொடுத்திருந்தால் அதை எழுத வேண்டும், கொடுக்கவில்லை என்றால் "வழக்கமான நேரம் 10.25" என்று எழுத வேண்டும். வழக்கமான என்ற சொல்லை விட்டுவிட்டால், அது குறிப்பு சொன்ன புதிய நேரம் போல ஆகிவிடும்.

சரி, மூன்றாவது வண்டி. மிக அதிகமாகத் தவறாகப் போவது இதில்தான். 'ரெகுலேட்டட்' என்றால் வண்டியை வழியில் ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தி வைத்து, தடம் கிடைத்ததும் விடுவார்கள். இந்தத் தடம் ஒற்றைத் தடம், அதனால் பிளாக் முடியும் வரை எந்தத் திசையிலும் வண்டி உள்ளே போக முடியாது. நாற்பது நிமிடம் என்பது ஒரு மதிப்பீடு. எந்த ஸ்டேஷனில் நிறுத்துவார்கள் என்பது குறிப்பில் பெரும்பாலும் இருக்காது. தமிழில் இதை "40 நிமிடம் தாமதமாக வரும்" என்று எழுதினால் என்ன ஆகும்? திருப்பாதிரிப்புலியூரில் வழக்கமாக 10.45க்கு ஏறுகிறவர், 11.25க்கு வந்தால் போதும் என்று வீட்டிலிருந்து மெதுவாகக் கிளம்புவார். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்து வண்டி பதினைந்து நிமிடத் தாமதத்திலேயே வந்துவிட்டால், அவர் லாரன்ஸ் ரோட்டில் இருக்கும்போதே அது போய்விடும். எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவருக்கு இப்படி நடந்தது. அவர் படித்தது வேறு ஒரு குழுவில் வந்த செய்தியை. அதனால் நான் எழுதுவது இப்படி: "வழியில் சுமார் 40 நிமிடம் வரை நிறுத்தி வைக்கப்படலாம். எங்கே என்று சொல்லப்படவில்லை. நீங்கள் வழக்கமான நேரத்துக்கே ஸ்டேஷனில் இருங்கள். போய்ச் சேர்வது தாமதமாகலாம்." கூட்டல் கணக்குப் போட்டு 11.25 என்று எழுதுவதே இல்லை. பார்க்க உதவி போலத் தெரியும், ஆனால் அந்த நேரத்தை யாரும் எனக்குத் தரவில்லை.

'ரீஷெட்யூல்ட்' என்று வந்தால் கொஞ்சம் உறுதி அதிகம். புறப்படும் ஊரிலேயே தாமதமாகக் கிளப்புவார்கள் என்று பொருள். அந்த ஊரில் ஏறுகிறவருக்குப் புதிய நேரத்தைத் தைரியமாக எழுதலாம். நடுவில் ஏறுகிறவருக்கு எழுத முடியாது, ஏனென்றால் நேர அட்டவணையில் அங்கங்கே கூடுதல் நிமிடங்கள் வைத்திருப்பார்கள். வண்டி வழியில் கொஞ்சம் பிடித்துவிடும். ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய வண்டி நம்மூருக்கு நாற்பத்தைந்து நிமிடத் தாமதத்தில் வருவது சாதாரணம். செய்தித்தாள்களில் இதை "நேரம் மாற்றம்" என்று சுருக்கிவிடுவார்கள். அதைப் பார்த்து நிரந்தர மாற்றம் என்று நினைத்து, அடுத்த வாரமும் தாமதமாக வருகிறவர்கள் உண்டு. "அன்று மட்டும்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் போதும்.

நிரந்தர மாற்றம் தனி வகை. புதிய கால அட்டவணை வரும்போதோ, ஒரு வண்டியின் நேரத்தைத் திருத்தும்போதோ, ஸ்டேஷன் வாரியாகப் பழைய நேரம், புதிய நேரம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் எல்லா மாற்றமும் ஒரே அளவு முக்கியமில்லை. எட்டு நிமிடம் பின்னால் போனால் பயணிக்கு நஷ்டம் எட்டு நிமிடக் காத்திருப்பு. எட்டு நிமிடம் முன்னால் வந்தால் வண்டியே போய்விடும், அன்றைய வேலை நாளே போய்விடும். அதனால் குறிப்பின் வரிசை எப்படி இருந்தாலும், முன்கூட்டி வருகிற வண்டிகளைத்தான் நான் மேலே போடுவேன், தடித்த எழுத்தில். இங்கே வார்த்தையிலும் கவனம் வேண்டும். 'முன்னால் தள்ளி' என்று யாராவது எழுதினால், ஒருவர் சீக்கிரம் என்று படிப்பார், இன்னொருவர் தள்ளிப்போய்விட்டது என்று படிப்பார். நான் மூன்று விதமாகச் சொல்லிவிடுவேன்: "நெல்லிக்குப்பத்தில் இதுவரை காலை 7.58. இனி 7.50. எட்டு நிமிடம் சீக்கிரம்." திரும்பத் திரும்பச் சொல்வது போல இருக்கும். ஆனால் தட்டச்சில் ஓர் எண் மாறிப்போனால், மற்ற இரண்டையும் வைத்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தும் இருக்கிறார்கள்.

பட்டியலில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இரண்டு நேரம் இருக்கும், வந்து சேர்வது ஒன்று, கிளம்புவது ஒன்று. சின்ன ஸ்டேஷனில் இரண்டுக்கும் ஒரு நிமிடம்தான் இடைவெளி. இரண்டையும் எழுதினால் தாள் எண்களாக நிறைந்துவிடும். ஏறுகிற ஊர்களுக்குக் கிளம்பும் நேரத்தையும், கடைசியில் எல்லாரும் இறங்குகிற விழுப்புரத்துக்கும் சிதம்பரத்துக்கும் வந்து சேரும் நேரத்தையும் மட்டும் எழுதுகிறேன். நேரத்தை 7.05 என்றுதான் எழுத வேண்டும், 7.5 என்று எழுதினால் ஏழரை என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 18.10 போன்றவற்றை மாலை 6.10 என்று மாற்றிவிடுவேன். மு.ப., பி.ப. என்பதெல்லாம் வேண்டாம்; டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பார்கள், யாரும் வாய்விட்டு அப்படிப் படிப்பதில்லை. எழுதி முடித்ததும் நானே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்ப்பேன். வாயில் தடுக்கும் இடம் எல்லாம் திருத்த வேண்டிய இடம்.

நள்ளிரவு வண்டிகளுக்குத் தனியாக உட்கார வேண்டும். குறிப்பில் தேதியோடு ஜே.சி.ஓ. என்று மூன்றெழுத்து இருக்கும். வண்டி தொடங்கும் ஊரில் அது கிளம்பும் தேதி என்று பொருள். தஞ்சாவூர்ப் பக்கம் இரவு கிளம்பி, சென்னை போகும் வழியில் நம்மூருக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் வருகிற வண்டியென்றால், 6ஆம் தேதி வண்டி ரத்து என்பது நமக்கு 7ஆம் தேதி 0.30 வண்டி ரத்து. தேதியை அப்படியே தமிழில் போட்டால், 6ஆம் தேதி பிறந்தவுடன் வரும் வண்டி இல்லை என்று நினைத்து ஒருவர் பயணத்தை மாற்றிக்கொள்வார். அது உண்மையில் 5ஆம் தேதி கிளம்பிய வண்டி, அது ஓடும். இன்னொருவர் அடுத்த நாள் இரவு பெட்டியோடு வந்து நிற்பார். அந்த வண்டி வராது. இதற்கு நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. "வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி, 12.30க்கு வரும் வண்டி" என்று எழுதினால் எந்த இரவு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லாத் தேதிக்கும் கிழமை சேர்த்து எழுதுவதை இதனால்தான் வழக்கமாக வைத்திருக்கிறேன். நாள்காட்டியைப் பார்த்துக் கிழமை போடும்போதே, குறிப்பில் தேதி பிழையாக இருந்தால் அதுவும் பிடிபடும்.

வண்டியை எப்படி அழைப்பது என்பதிலும் ஒரு முடிவு வேண்டும். எங்களில் யாரும் எண் சொல்லி வண்டியைப் பேசுவதில்லை. காலை மாயவரம் பாசஞ்சர், எட்டு மணி வண்டி, இப்படித்தான். எண்ணை விட்டுவிடவும் முடியாது, விசாரிக்க அதுதான் வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகள் பூஜ்யத்தில் தொடங்கும் சிறப்பு எண்ணோடு ஓடி, பிறகு வழக்கமான எண்களுக்குத் திரும்பியதால், பழைய எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்களும் உண்டு. நான் ஐந்து இலக்க எண், இரண்டு கடைசி ஊர்கள், இந்தப் பக்கம் அது வரும் வழக்கமான நேரம், மூன்றையும் ஒரு வரியில் வைக்கிறேன். 'எட்டு மணி வண்டி' என்ற பட்டப்பெயரை மட்டும் நேர மாற்ற அறிவிப்பில் போட மாட்டேன், நேரமே மாறுகிறபோது அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று தெரியாது.

இனி, குறிப்பில் இல்லாதவை. தாளைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது மூன்று கேள்விகள். சாயங்காலம் திரும்பி வர வண்டி உண்டா? அந்த எக்ஸ்பிரஸில் என் சீசன் செல்லுமா? பதிலுக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்களா? முதல் கேள்விக்குக் குறிப்பு மௌனமாக இருக்கும், ஏனென்றால் மாற்றம் உள்ள வண்டிகளைத்தான் அது சொல்லும். அந்த மௌனத்தையே தமிழில் சொல்லிவிடுவது நல்லது: "மாலை வண்டிகளுக்கு இந்த அறிவிப்பில் மாற்றம் எதுவும் சொல்லப்படவில்லை." மாலை வண்டிகள் ஓடும் என்று நான் என் பேரில் உறுதி கொடுப்பதில்லை. சீசன் கேள்விக்கு டிக்கெட் கவுண்டரில் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். சூப்பர்ஃபாஸ்டுக்குக் கூடுதல் கட்டணம், முன்பதிவுப் பெட்டி என்று விதிகள் இருக்கின்றன, நான் எழுதிய ஒரு வரியை நம்பி யாரும் அபராதம் கட்டக் கூடாது. பஸ்ஸைப் பொறுத்தவரை, பஸ் ஸ்டாண்டிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாக விழுப்புரம் பஸ் போகிறது என்பதோடு நிறுத்திவிடுவேன். நேரம் எழுத மாட்டேன்.

இவ்வளவும் முடிந்தபின் தாளில் வருவது இதுதான்:

4 செவ்வாய், 6 வியாழன், 8 சனி – இந்த மூன்று நாள் காலை மட்டும் மாற்றம்

விழுப்புரம் பக்கம் போகிறவர்களுக்கு: மயிலாடுதுறை – விழுப்புரம் பாசஞ்சர் (சிதம்பரத்தில் காலை 6.45, திருப்பாதிரிப்புலியூரில் 7.45) கடலூர் துறைமுகம் (ஓ.டி.) வரை வரும். அதற்கு மேல் போகாது. திருப்பாதிரிப்புலியூர் (என்.டி.), வரகால்பட்டு, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி, திருத்துறையூர், சேர்ந்தனூர், விழுப்புரம் – இந்த ஊர்களுக்கு இந்த வண்டி இல்லை.

சிதம்பரம், மயிலாடுதுறை பக்கம் போகிறவர்களுக்கு: விழுப்புரத்தில் காலை 9.15க்குக் கிளம்பும் பாசஞ்சர் அங்கிருந்து கிளம்பாது. கடலூர் துறைமுகத்தில் (ஓ.டி.) தொடங்கும், அங்கே வழக்கமான நேரம் 10.25. விழுப்புரம் முதல் திருப்பாதிரிப்புலியூர் வரை உள்ள ஸ்டேஷன்களில் இந்த வண்டி இல்லை.

சென்னையிலிருந்து வரும் பகல் எக்ஸ்பிரஸ் (திருப்பாதிரிப்புலியூரில் 10.45): ஓடும். வழியில் சுமார் 40 நிமிடம் வரை நிறுத்தி வைக்கப்படலாம். நீங்கள் வழக்கமான நேரத்துக்கே ஸ்டேஷனில் இருங்கள்.

மாலை வண்டிகளுக்கு இந்த அறிவிப்பில் மாற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. 5, 7 தேதிகளுக்கும் மாற்றம் எதுவும் சொல்லப்படவில்லை.

உண்மையான தாளில் தேதிகளோடு மாதமும் வருடமும், ஒவ்வொரு வண்டிக்கும் எண்ணும் இருக்கும். அடியில் இரண்டு வரி சேர்ப்பேன்: மூலக் குறிப்பு வெளியான தேதி, அப்புறம் "8ஆம் தேதி சனிக்கிழமைக்குப் பிறகு இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்." இந்தக் கடைசி வரியைப் படத்துக்குள்ளேயே வைக்க வேண்டும், கீழே தனிச் செய்தியாக எழுதினால் முதல் பகிர்விலேயே அது கழன்றுவிடும். மாதம், வருடம் இல்லாத ஒரு ரத்து அறிவிப்பு குழுக்களில் பல மாதம் சுற்றி வரும். 6ஆம் தேதி எல்லா மாதத்திலும் வருமே.

ஒட்டுவதற்கு முன்பு, கூட வரும் ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்துக் கேள்வி கேட்பேன். மூலக் குறிப்பைப் பார்க்காதவராக இருக்க வேண்டும். "வியாழக்கிழமை காலை பண்ருட்டியிலிருந்து சிதம்பரம் போக வேண்டும், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், அவர் அரை நிமிடத்துக்குள் பாசஞ்சர் இல்லை, பஸ்ஸில் போக வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். விரலால் வரி வரியாகத் தேடினால் அமைப்பு சரியில்லை என்று பொருள். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்டுப் பயனில்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

வேலை நாட்களிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளாக் தள்ளிப்போவதும், ஒரு தேதி கழிவதும் சாதாரணம். அதற்கு இன்னொரு குறிப்பு வரும், சில நேரம் முந்தின நாள் மாலையில்தான் வரும். அன்று காலை ரயில்வேயின் NTES செயலியில் அந்த வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பேன், இல்லையென்றால் ரயில்வே விசாரணை எண்ணான 139க்கு அழைத்துக் கேட்பேன். மாற்றம் இருந்தால் பழைய படத்தின் மேல் பேனாவால் அடித்துத் திருத்தி அனுப்புவதில்லை. தலைப்பில் "திருத்திய அறிவிப்பு" என்று போட்டு, எது மாறியது என்பதை முதல் வரியில் எழுதி, புதிதாகவே அனுப்புகிறேன்: "சனிக்கிழமை வேலை ரத்து. 8ஆம் தேதி பாசஞ்சர் விழுப்புரம் வரை ஓடும்." டீக்கடைச் சுவரில் பழைய தாளைக் கிழித்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். பக்கத்தில் ஒட்டினால், முதலில் கண்ணில் படுவதைத்தான் எல்லாரும் படித்துவிட்டுப் போகிறார்கள்.